பென் டிரைவில் ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறினால்

கேள்வி: எங்கள் சிறிய அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே பென் டிரைவ்தான். அதிலிருந்த ஃபோல்டர்கள் எல்லாம் திடீரென ஷார்ட்கட்டுகளாகத் தெரிகின்றன. கோப்புகள் அழிந்துவிட்டனவா?

பதில்: பெரும்பாலும் அழிந்திருக்காது. ஷார்ட்கட் வைரஸ் உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைக்கிறது. அதைச் சொடுக்கினால் ஃபோல்டர் வழக்கம்போலத் திறக்கும்; கூடவே வைரஸும் இயங்கி அந்தக் கணினியில் குடியேறும். பிறகு அதில் செருகப்படும் ஒவ்வொரு பென் டிரைவுக்கும் தொற்றும்.

எனவே ஷார்ட்கட் எதையும் சொடுக்காமல், வைரஸ் தடுப்பு மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட கணினியில் பென் டிரைவை முழுமையாக ஸ்கேன் செய்ய வேண்டும். அதன் டிரைவ் எழுத்து E என்றால், கமாண்ட் பிராம்ப்டில் தரும் இந்தக் கட்டளை மறைந்தவற்றை வெளிக்கொணரும்:

```
attrib -h -r -s /s /d E:\*.*
```

தேவையான ஆவணங்களை மட்டும் கணினிக்கு நகலெடுத்த பின் பென் டிரைவை ஃபார்மேட் செய்யலாம். அது செருகப்பட்ட எல்லாக் கணினிகளையும் ஸ்கேன் செய்வது அவசியம். ஒன்று விடுபட்டாலும் ஷார்ட்கட்டுகள் மீண்டும் முளைக்கும்.

கோப்பு பழுதாவதற்குப் பொதுவான காரணம் வேறு. பென் டிரைவிலேயே கோப்பைத் திறந்து திருத்தும்போது, எழுதி முடிவதற்குள் பிடுங்கினால் கோப்பு பாதியில் நின்றுவிடும். கணினிக்கு நகலெடுத்துத் திருத்தி, முடிந்ததைத் திரும்ப நகலெடுத்து, ‘Eject’ கொடுத்த பிறகே கழற்ற வேண்டும். மூலப்பிரதி எப்போதும் கணினியில் இருந்தால், பென் டிரைவ் தொலைந்தாலும் வேலை தொலையாது.