கலப்பின மாடா, காங்கயம் மாடா?

கேள்வி: ஐயா, மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் நிலம் இருக்கிறது. மூன்று ஏக்கர் கொரங்காடு, ஒரு ஏக்கருக்கு மட்டும் போர் தண்ணீர். கோடையில் அதுவும் குறைந்துவிடும். வேலை செய்ய நானும் மனைவியும்தான். கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்ற வசதி உண்டு. மாடு வாங்கலாம் என்று இருக்கிறோம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஜெர்சி கலப்பினம்தான் பணம் தரும் என்கிறார். நாட்டு மாடு வாங்கினால் நோயும் வராது, செலவும் இல்லை என்கிறான் கோவையில் வேலை பார்க்கும் எங்கள் மகன். எதை வாங்குவது?
— ஒரு வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் நிலத்தில் எந்தத் தீவனம் எத்தனை மாதம் கிடைக்கும், வருமானம் பாலில் இருந்து வர வேண்டுமா கன்றில் இருந்து வர வேண்டுமா என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். அதன் பிறகு இனத்தைத் தேர்வது கடினமில்லை.

கலப்பினத்தின் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம். நம் சமவெளி வெயிலுக்குக் கறுப்பு வெள்ளை மாட்டைவிட ஜெர்சி கலப்பினம் பொருந்தும், பாலில் கொழுப்பும் கூடுதல். சுமாரான மாடு ஒரு ஈற்றில் 300 நாள் கறந்து மொத்தம் 2,200 லிட்டர் தரும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 35 ரூபாய் என்றால் 77,000 ரூபாய். ஒரு ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே 400 நாள். உடம்பைக் காக்க நாளுக்கு ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. கறவை வற்றிய 100 நாளுக்கு இரண்டு இரண்டு கிலோ. எல்லாம் சேர்த்தால் சுமார் 1,550 கிலோ வரும். கிலோ 28 ரூபாய் என்றால் 43,400. சோளத்தட்டு நாளுக்கு ஐந்து கிலோ, கிலோ ஆறு ரூபாய் என்று 12,000. வைத்தியத்துக்கும் சினை ஊசிக்கும் 4,000. மிச்சம் 17,600 ரூபாய், அதாவது நாளுக்கு 44 ரூபாய். விலைகளை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு பெரிதாக மாறாது.

இந்த 17,600 ரூபாயும் பசுந்தீவனம் உங்கள் வயலிலேயே விளைந்தால்தான் கிடைக்கும். நாளுக்கு 20 கிலோ பச்சையைக் கிலோ மூன்று ரூபாய்க்கு வெளியில் வாங்கினால் 400 நாளுக்கு 24,000 ரூபாய் ஆகிவிடும். லாபம் போய் 6,400 ரூபாய் நஷ்டம் நிற்கும். மாறாக, வேலிமசாலோ அகத்தியோ வளர்த்துக் கறவை நாட்களில் தினம் ஐந்து கிலோ கொடுத்தால் அடர்தீவனத்தில் ஒரு கிலோவரை குறைக்கலாம். அப்போது தீவனச் செலவில் 8,400 ரூபாய் மிச்சமாகும். ஒரே மாடு, ஒரே பால். பச்சை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

உங்கள் ஒரு ஏக்கரில் 15 சென்ட் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்கு ஒதுக்குங்கள். நல்ல தண்ணீரில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன்வரை வரக்கூடிய புல் அது. உங்கள் போர் கோடையில் குறைவதால் அதில் பாதியை மட்டும் கணக்கில் வையுங்கள். அப்போதும் 15 சென்டில் 11 டன் கிடைக்கும். ஒரு மாட்டின் ஆண்டுத் தேவை ஒன்பது டன்னுக்குள் அடங்கிவிடும். இன்னொரு 10 சென்டில் வேலிமசால். புல் முதல் அறுப்புக்கு 75 நாளுக்கு மேல் ஆகும், வேலிமசாலுக்கு மூன்று மாதம். மாடு வாங்கும் முன்பே இவை வேர் பிடித்திருக்க வேண்டும். நான் பார்த்தவரை பலரும் மாட்டைப் பிடித்துக் கட்டுத்தறியில் கட்டிவிட்டுப் பிறகு புல் நடுகிறார்கள். அந்த முதல் மூன்று மாதத்தில் வாங்கும் கடன் பிறகு எளிதில் தீர்வதில்லை.

கலப்பினத்தில் பணம் கரையும் அடுத்த இடம், மாடு சினை பிடிக்காமல் போவது. கன்று போட்டு இரண்டு மூன்று மாதத்துக்குள் சினையாகவில்லை என்றால், வற்றிய மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். அது 100 நாள் நீண்டால் தீவனமும் தட்டும் 8,600 ரூபாய். மேலே சொன்ன லாபத்தில் ஏறத்தாழப் பாதி. சித்திரை, வைகாசி வெயிலில் பருவ அறிகுறி மங்கலாக, பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் தெரியும். பகலில் மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாது. கண்ணாடி மாதிரி வழும்பு ஒழுகுகிறதா, கத்துகிறதா, திடீரென்று பால் குறைகிறதா என்று விடியலில் ஒரு முறை பார்க்க வேண்டும். காலையில் தெரிந்தால் அன்று மாலையே ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. ஊசி போட்ட மூன்றாம் மாதத்துக்குள் மருத்துவரைக் கொண்டு சினை பார்த்துவிடுங்கள். 'நின்றுவிட்டது, சினையாகத்தான் இருக்கும்' என்று ஆறு மாதம் விட்டுவிட்டு வருபவர்கள் அதிகம்.

வெயிலில் வாயைத் திறந்து மூச்சிரைத்து, தீனி எடுக்காமல் நின்றால் மாட்டால் சூடு தாங்க முடியவில்லை என்று பொருள். மரநிழல், நாள் முழுக்கக் குடிக்கத் தண்ணீர், தீனியைக் காலை இருட்டிலும் இரவிலும் போடுவது ஆகியவை இருந்தால் சமாளிக்கலாம். கறவையில் இருக்கும் கலப்பினத்துக்குக் கோடையில் குடிக்க மட்டுமே நாளுக்கு 60 லிட்டருக்கு மேல் தேவைப்படும். உண்ணியால் வரும் காய்ச்சலும் மடிவீக்கமும் இந்த மாடுகளைத்தான் அதிகம் பிடிக்கும். கடும் காய்ச்சலோடு காபி நிறத்தில் மூத்திரம் போனால் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது.

இப்போது மகன் சொல்லும் நாட்டு மாட்டுக்கு வருவோம். நாட்டு மாடு என்பது ஒரே ரகமில்லை. குஜராத்தின் கிர், பஞ்சாபின் சாகிவால் ஆகியவை பாலுக்கென்று வளர்க்கப்பட்டவை. உங்கள் மண்ணின் காங்கயம் உழவுக்கும் வண்டிக்கும் வளர்க்கப்பட்ட இனம். பசு நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும், அதில் கன்றுக்கு விட்டதுபோக மிஞ்சுவதுதான் நமக்கு. கன்று ஊட்டாமல் பால் சுரக்காது. கன்று செத்துவிட்டால் பெரும்பாலும் கறவையும் நின்றுவிடும். கிர் மாட்டை அதிக விலை கொடுத்துத் தொலைவிலிருந்து கொண்டுவருவதை உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஏதோ ஒரு கலப்பு மாட்டைக் 'கிர்' என்று தலையில் கட்டுபவர்கள் சந்தையில் இருக்கிறார்கள்.

காங்கயத்தின் கணக்கு இப்படி. ஒரு ஈற்றில் விற்க 300 லிட்டர் கிடைத்தால் 10,500 ரூபாய். ஈற்று இடைவெளி பதினாறு மாதம் போல் ஆகும். அதில் ஏழெட்டு மாதம் கொரங்காட்டில் மேய்ந்து வயிற்றைப் பார்த்துக்கொள்ளும் என்றாலும், கறவையிலும் கோடையிலும் 400 கிலோ தீவனமும் 750 கிலோ தட்டும் வேண்டும். அது 15,700 ரூபாய். பாலை மட்டும் பார்த்தால் 5,200 ரூபாய் கைக்காசு போகும். இதை மகனிடம் காட்டுங்கள். 'செலவே இல்லாத மாடு' என்று ஒன்று கிடையாது.

அப்படியானால் இதை ஏன் வளர்க்க வேண்டும்? கன்றுக்காக. கலப்பினக் காளைக்கன்றுக்குச் சந்தையில் மதிப்பே இல்லை. காங்கயம் காளைக்கன்றைத் தேடி வந்து வாங்குகிறார்கள். நல்ல கிடேரியும் அப்படித்தான். கிளுவை வேலி போட்ட கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து, கோடையில் வெள்வேல மரத்தடியில் உதிரும் காயைப் பொறுக்கித் தின்று உயிர் பிடிக்கத் தெரிந்த மாடு இது. உங்கள் மூன்று ஏக்கரைப் பாலாகவோ பணமாகவோ மாற்ற ஜெர்சியால் ஆகாது. நண்பகலில் அது மரத்தடியை விட்டு நகராது. காங்கயம் இருந்தால்தான் கொரங்காட்டுக்குப் பயன், கொரங்காடு இருந்தால்தான் காங்கயத்துக்குச் செலவு குறையும். நான்கு சென்ட் தோட்டத்தில் கட்டிப்போட்டுக் காங்கயம் வளர்ப்பவருக்கு இந்த நன்மை எதுவும் கிடைக்காது.

நோயே வராது என்பதும் சரியில்லை. உண்ணிக்காய்ச்சல் இதற்குக் குறைவு, மடிவீக்கம் அரிது. கோமாரிக்கும் தோல் கழலை நோய்க்கும் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும்.

என் முடிவு: ஒரே நேரத்தில் இரண்டு கலப்பினம் வாங்காதீர்கள். இரண்டு பேர் உழைப்புக்கும் ஒரு போருக்கும் அது தாங்காது. புல் வளர்ந்த பிறகு, இரண்டாம் ஈற்றில் கன்று போட்டு ஒரு மாதத்துக்குள் இருக்கும் ஜெர்சி கலப்பினம் ஒன்று வாங்குங்கள். வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் சங்கத்துப் பணம் வரும். அது ஒரு ஈற்று ஒழுங்காகச் சினைபிடித்து நின்றதும் கொரங்காட்டுக்கு ஒரு காங்கயம் கிடேரி. மழை பெய்த ஆண்டில் மூன்று ஏக்கர் அதற்கும் அதன் கன்றுக்கும் போதும். போர் அடியோடு வற்றிப்போகும் என்றால் இந்த முடிவு மாறும். அப்போது கலப்பினமே வேண்டாம், காங்கயம் மட்டும் போதும்.

சந்தையில் மடியைப் பார்த்து ஏமாறாதீர்கள். முந்தைய நாள் கறக்காமல் விட்டால் எந்த மடியும் பெரிதாகத்தான் தெரியும். மாலையில் போய் உங்கள் கண்முன்னே முழுதும் கறக்கச் சொல்லுங்கள். அந்தப் பாலைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மறுநாள் காலையும் மாலையும் கறப்பதைக் கூட்டிப் பாருங்கள், அதுதான் அந்த மாட்டின் நிஜமான பால். ஒவ்வொரு காம்பின் முதல் பீச்சையும் கறுப்புத் துணியில் விடுங்கள். திரி திரியாக விழுந்தால் மடி கெட்டிருக்கிறது. காங்கயத்தில் கன்றையும் பாருங்கள். பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். ஒரு வயதாகியும் சிவப்பாகவே இருந்தால் கலப்பு இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காங்கயத்துக்கு ஜெர்சி ஊசி போடாதீர்கள், காங்கயம் ஊசியோ காளையோ மட்டும்தான். ஜெர்சி கலப்பினத்துக்கும் சுத்த ஜெர்சி ஊசி போட்டுக்கொண்டே போனால் கன்றுக்குக் கன்று நம் வெயிலைத் தாங்கும் திறன் குறையும். கலப்பினக் காளையின் ஊசியை மருத்துவரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள்.