பொன்வெயிலில் வெள்ளை வெள்ளையாக இருக்காது

“வெள்ளைச் சட்டை என்று கேட்டால் வெள்ளைச் சட்டை வந்துவிடும்.” ஏஐ செயலிகளில் படத்துக்கு உடை மாற்றுபவர்கள் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். வரத்தான் செய்கிறது, சிக்கலே அதுதான். மெரினாவில் சூரியன் எழுந்த சற்று நேரத்தில் எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். கரு நீல டி-ஷர்ட் போட்ட இளைஞர், இடப்பக்கம் கடல், அங்கிருந்து வெயில். டி-ஷர்ட்டை மட்டும் வெள்ளையாக்கினால் முகம் பொன்னிறத்தில் இருக்க, சட்டை ஸ்டூடியோ விளக்கில் எடுத்தது மாதிரி வெளுத்துத் தெரியும். வெட்டி ஒட்டியது என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது அதன் ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் வர வேண்டியிருக்கிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. கரு நீலத் துணி இதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். வெள்ளைத் துணி வந்த ஒளியைப் பெரும்பாலும் அப்படியே திருப்பி அனுப்பும். பழைய டி-ஷர்ட்டில் தெரியாத பொன்னிறம் புதுச் சட்டையில் தெரிந்தாக வேண்டும் என்பது இதனால்தான்.

“அப்படியானால் ‘பொன்வெயில்’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதுமே?” போதாது. சில சமயம் செயலி வானத்தையே ஆரஞ்சாக்கிவிடும். இல்லாவிட்டால் சட்டை முழுக்க ஒரே மஞ்சளாகி, துவைத்துத் துவைத்துப் பழுத்த துணிபோல நிற்கும். உண்மையில் வெயில் படாத பக்கத்துக்கு ஒளி தருவது வானம். அங்கே வெள்ளைத் துணி லேசாக நீலம் கலந்த சாம்பலாகத்தான் இருக்கும். இந்த இரண்டு நிறமும் சேர்ந்தால்தான் அது பொன்வெயில்.

ஆகவே பிராம்ப்டில் துணியின் நிறத்தைத் தனியாகவும், அதன்மேல் விழும் ஒளியைத் தனியாகவும் எழுத வேண்டும்:

```
டி-ஷர்ட்டுக்குப் பதில் வெள்ளைக் காட்டன் சட்டை.
இடப்பக்கத் தாழ்வான வெயிலில் தோளும் கையும் வெளிர் பொன்னிறம்.
வலப்பக்க மடிப்புகளில் மெல்லிய நீலச் சாம்பல் நிழல்.
முகம், வானம், கடல், மணல் மாறக் கூடாது.
```

“வெள்ளையாகவே வரட்டும், பிறகு மஞ்சள் ஃபில்டர் போட்டுக்கொள்ளலாம்” என்பவர்களும் உண்டு. ஃபில்டர் ஏற்கெனவே பொன்னிறமாக இருக்கும் முகத்தின்மேல் இன்னொரு பூச்சு பூசுவதோடு, நிழலையும் மஞ்சளாக்கிவிடும்.

எவ்வளவு பொன்னிறம் வேண்டும் என்பதைப் படமே சொல்லும். ஃபோன் கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமன் பொன்னிறத்தில் ஒரு பங்கைக் குறைத்திருக்கலாம் என்பதால் கண்மதிப்பை நம்ப வேண்டாம். வெயில் படும் அலை நுரையில் நிறம் எடுக்கும் கருவியை வையுங்கள். சிவப்பு 245, பச்சை 222, நீலம் 190 என்று காட்டினால், சட்டையின் வெயில் பக்கமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் இருக்க வேண்டும். சட்டையில் மூன்று எண்ணும் 250-ஐ ஒட்டி நின்றால் அதில் பொன்வெயிலே படவில்லை என்று பொருள். அப்போது பிராம்ப்டின் இரண்டாம் வரியை மட்டும் அழுத்தமாக மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.