ஸ்லைடில் ஒளிந்திருக்கும் ஆட்கள்

கேள்வி: எங்கள் நூற்பாலையில் கையிருப்புப் பதிவேட்டுக்குப் பதில் மென்பொருள் வருகிறது. 40 ஸ்லைடுகளைக் கொடுத்து, யாருக்கு என்ன எதிர்பார்ப்பு, என்ன கவலை என்று ஒரே அட்டவணையில் கேட்கிறார் மேலாளர். எங்கே தொடங்க?

பதில்: ‘சம்பந்தப்பட்டோர்’ ஸ்லைடைக் கடைசியில் பாருங்கள், அதில் பெரும்பாலும் பதவிப் பெயர்கள்தான் இருக்கும். எதிர்பார்ப்புகள் ‘பலன்கள்’ பக்கத்தில் கிடைக்கும். கவலைகள் இடர்ப் பட்டியலிலும் பயிற்சித் திட்டத்திலும் ஆளில்லாத வாக்கியங்களாகப் பதுங்கியிருக்கும். “இரவு ஷிப்டில் பதிவு தாமதமாகலாம்” என்றால், பதிவு செய்வது யார்? ஸ்டோர் கீப்பர். அவருக்கு ஒரு வரிசை போடுங்கள். உதாரணமாக:

| யார் | எதிர்பார்ப்பு | கவலை | ஸ்லைடு |
|---|---|---|---|
| இரவு ஸ்டோர் கீப்பர் | இருமுறை எழுதும் வேலை குறையும் | தாமதத்துக்குப் பழி வருமோ? | 14, 27 |
| கணக்குப் பிரிவு | மாதக் கணக்கு சீக்கிரம் முடியும் | (காலி) | 9 |

கேள்விக்குறி போட்டது நம் ஊகம். ஸ்லைடில் தாமதம்தான் உண்டு, பழி இல்லை. அவரிடமே கேட்டுவிட்டுக் குறியை எடுங்கள். காலிக் கட்டத்தை, எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கி நிரப்புவது வழக்கமான தவறு. ‘பயனாளர்கள்’ என்று ஒரே வரிசை போட்டால் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் ஒன்றாகிவிடும். இரவில் உதவிக்கு ஆள் இல்லை என்பது போன்ற கவலைகள் மறைந்துபோகும்.