ஐம்பது சதவீதம் முன்பணம் கேட்கிறாரா?

அன்புள்ள மகளுக்கு,

சித்தூரிலிருந்து சித்தப்பா எழுதுவது. நீ அனுப்பிய இன்டீரியர் கான்ட்ராக்டரின் கொட்டேஷனைப் படித்தேன். திருச்சானூர் ஃபிளாட்டுக்கு உள்வேலை முழுதும் எட்டு லட்சம் என்கிறார். விலையில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் பணம் தரும் முறையைப் பற்றி நாலு வரி போட்டிருக்கிறாரே, உன்னிடம் பேச வேண்டியது அதைத்தான்.

ஒப்பந்தம் போட்டதும் 50 சதவீதம், வேலை தொடங்கும்போது 30, நவம்பர் 20-ஆம் தேதி 15, முடிந்ததும் 5. இதில் நீ ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார். அவர் இன்றைக்கே வேலையைப் போட்டுவிட்டுப் போனால், என் வீட்டில் என்ன நிற்கும், நான் எவ்வளவு கொடுத்திருப்பேன்? ஆசாரி வந்து முதல் பலகையை அறுக்கும் நாளில் நீ 6,40,000 ரூபாய் கொடுத்து முடித்திருப்பாய். வீட்டில் இருப்பது நாற்பது பிளைவுட் ஷீட். ஒரு ஷீட் மூவாயிரம் என்று வைத்தாலும் 1,20,000 ரூபாய்தான். மீதி ஐந்து லட்சத்துச் சொச்சம் அவருடைய வேறு ஏதோ ஒரு சைட்டில் கூலியாக ஓடிக்கொண்டிருக்கும். அவர் மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் ஒருவர் வீட்டு முன்பணத்தில் இன்னொருவர் வீட்டை முடிப்பது சகஜம். அந்தச் சுழற்சி எங்காவது தடைபட்டால் நிற்பது உன் வேலைதான்.

நவம்பர் 20 என்ற தேதியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. திருச்சானூர் கார்த்திகை பிரம்மோற்சவம் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில்தான் வரும். ஒன்பது நாளும் கோயிலைச் சுற்றிய தெருக்களில் லாரி நுழையாது. பஞ்சமி தீர்த்தத்தன்று ஆசாரியும் வரமாட்டார், அவர் பைக்கும் வராது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். 2021 நவம்பரில் திருப்பதி மூழ்கியதை நீயும் டிவியில் பார்த்தாய். ஒரு ஆணிகூட அடிக்காத வாரத்திலும் தேதி வந்துவிடும், பணமும் கேட்கப்படும். அதனால் தவணைக்குத் தேதியே வேண்டாம். கெடுவுக்குத் தேதி இருக்கட்டும், தவணைக்கு முடிந்த வேலை இருக்கட்டும்.

பொதுப்பணித்துறையில் நாங்கள் செய்தது இதைத்தான். வேலையை அளந்து எம்-புக்கில் ஏற்றாமல் பில் நகராது. ‘தொடங்கிவிட்டோம்’ என்பதற்குப் பைசா கிடையாது. ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, குறை சரிசெய்யும் காலம் முடிந்த பிறகுதான் விடுவிப்போம். உன் எட்டு லட்சத்துக்கு அதே கணக்கைச் சின்னதாகப் போட்டிருக்கிறேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் 80,000. பிளைவுட், கீல், சேனல், சன்மைகா எல்லாம் வீட்டுக்குள் இறங்கியதும் 1,60,000. ஒயரிங்கும் ஃபால்ஸ் சீலிங்கும் முடிந்ததும் 1,20,000. கிச்சன், அலமாரி, லாஃப்ட் பாக்ஸ் எல்லாம் சுவரில் ஏறியதும் 2,00,000. ஷட்டரும் டிராயரும் மாட்டி ஓடவிட்டுப் பார்த்ததும் 1,20,000. சாவியைத் தரும் நாளில் 80,000. கடைசி 40,000 உன் கையிலேயே 45 நாள் இருக்கட்டும். கூட்டிப் பார், எட்டு லட்சம் வரும்.

இதில் பொருள் இறங்கும் தவணையில்தான் அதிக கவனம் வேண்டும். கடையின் ஜிஎஸ்டி பில் உன் பெயரில் இருக்கட்டும். முடிந்தால் கடைக்காரருக்கு நீயே நேரடியாகப் பணம் அனுப்பி, தவணையில் கழித்துக்கொள். பில் உன் பெயரில் இருந்தால், நடுவில் தகராறு வந்தாலும் பலகையை யாரும் தூக்கிப் போக முடியாது. ஷீட்டைப் புரட்டிப் பார். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 303 என்றோ 710 என்றோ அச்சிட்டிருக்கும். சிங்க்குக் கீழே வரும் பாக்ஸுக்கு 710 தான் வேண்டும், மற்ற இடத்துக்கு 303-இல் கொதிநீர் தாங்கும் ரகம் போதும். முத்திரைக்குப் பக்கத்தில் உள்ள உரிம எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் அது உண்மையா என்று தெரிந்துவிடும். தடிமனையும் அளந்துவிடு. 18 மில்லி என்று எழுதி 16 மில்லி இறக்குவது பழைய வித்தை. சன்மைகா ஒட்டிய பிறகு கண்ணுக்குத் தெரியாது.

சீலிங் தவணையில் ஒரு நிபந்தனை சேர். ஜிப்சம் போர்டு மூடுவதற்கு முன் நீ பார்க்க வேண்டும். உள்ளே பைப் போகும் வழியை சுவரோரம் டேப் விரித்துப் படம் எடுத்துக்கொள். எல்லா பாயின்டிலும் பல்பு மாட்டி எரியவிடு. மூடிய பிறகு கேட்டால் பிரிக்கிற கூலி உன் தலையில் விழும்.

பாக்ஸ் தவணைதான் பெரிய தொகை, அதனால் ‘முடிந்தது’ என்றால் என்ன என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடு. கண்ணுக்கு நேராக இருக்கிறது என்பது போதாது. டேப்பால் ஒவ்வொரு பாக்ஸின் இரண்டு மூலைவிட்டங்களையும் அள. இரண்டும் சமமாக வந்தால் பாக்ஸின் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன. மூன்று மில்லிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதில் ஷட்டர் ஒழுங்காக மூடாது; கீலைத் திருகித் திருகிச் சமாளிப்பார்கள், ஆறு மாதத்தில் மறுபடி தொங்கும். ரசமட்டத்தை மேல் பலகையில் வைத்தும் பார். சரிசெய்யச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான், ஷட்டர் ஏறிய பிறகு இல்லை. ஒரு அறை மட்டும் பாக்கி என்றால் முழுப் பணத்தையும் நிறுத்தாதே. அறை வாரியாகத் தொகையைப் பிரித்து எழுதியிருந்தால் முடிந்த அறைக்குக் கொடுத்துவிடலாம்.

அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆசாரிகளுக்கு வாராவாரம் சனிக்கிழமை கூலி போக வேண்டும். பத்து சதவீத முன்பணத்தில் எப்படி ஆரம்பிப்பது என்று முறையிடுவார். முன்பணத்தை 15 ஆக்கி, பொருள் இறங்கும் தவணையைக் குறைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் நீ பார்த்துச் சரி என்று சொன்ன மூன்று நாளுக்குள் பணம் போய்விட வேண்டும் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுது. முடிந்த வேலைக்குப் பணத்தை இழுத்தடிக்கிற வீட்டில் நல்ல ஆசாரி நிற்கமாட்டார்.

கிச்சனை ஃபேக்டரியில் செய்து கொண்டுவருவதாக இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே லோடு ஏற்றுவதற்கு முன் முழுப்பணம் கேட்பார்கள். நேரில் போய் பாக்ஸ்களை எண்ணி, வரைபடத்தோடு ஒப்பிட்டு, அப்போது பெரும்பங்கைக் கொடு. ஆனால் மாட்டிக் காட்டிய பிறகு தருவதாக ஒரு பத்து சதவீதத்தையாவது நிறுத்திவை. அதற்குக்கூட சம்மதிக்காத கம்பெனி என்றால் வேறு கம்பெனியைக் கேள்.

கடைசி 40,000 பற்றி அவர் முகம் சுளிப்பார். ஆனால் 45 நாளாவது புழங்கிப் பார்க்க வேண்டும். ஈரத்தில் ஷட்டர் உப்பி இடிக்கிறதா, விளிம்புப் பட்டை பெயர்கிறதா, கீல் இறங்குகிறதா என்று அதற்குள் தெரியும். சாவி வாங்கும் நாளில் இருவரும் அறை அறையாகப் போய்க் குறைகளை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளில் இருப்பவை, அந்த 45 நாளில் புதிதாகத் தெரிபவை, இவற்றுக்கு மட்டும்தான் அந்தப் பணம். நடுவில் நீ கேட்ட கூடுதல் ஷெல்ஃபுக்கான தகராறை அதில் கொண்டுவந்து சேர்க்காதே. கூடுதல் வேலை ஒவ்வொன்றுக்கும் விலையும் நாளும் வாட்ஸ்அப்பில் தனியாக எழுதி, அவர் ‘சரி’ என்று பதில் போட்ட பிறகு ஆரம்பிக்கச் சொல்.

திருத்திய தவணையை அவருக்கு அனுப்பு. என்ன சொல்கிறார் என்று எனக்குப் போன் செய்.

அன்புடன்,
சித்தப்பா