பாலின்றி எலும்புக்கு உரம்

கேள்வி: எடை குறைய உணவைச் சுருக்கிப் பளுதூக்கும் பயிற்சியும் செய்கிறேன், பால் ஒவ்வாது. எலும்புக்குரிய சுண்ணாம்புச் சத்தை எவ்விதம் பெறுவது?

பதில்: சகோதரி, வயதுவந்த ஸ்திரீகளுக்குத் தினம் சுமார் 1000 மில்லிகிராம் வேண்டியிருக்க, 100 கிராம் கேழ்வரகில் மட்டுமே ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருப்பதால், காலையில் கேழ்வரகுக் களியும், மத்தியானம் முருங்கைக்கீரைப் பொரியலும், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலிக் குழம்பும், தோல் நீக்காத எள்ளில் இடித்த பொடியும் சேர்ந்தால் தேவையின் பெரும்பகுதி பூர்த்தியாகும். பசலைக்கீரையிலுள்ள சத்தை அதன் ஆக்ஸாலிக் அமிலம் பிணித்துவிடுவதால், அதிலிருந்து சரீரம் கிரகிப்பது சொற்பமே. ஆனால் ஆகாரம் மிகக் குறைந்து மாதவிடாய் தவறத் தொடங்கினால், எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் குன்றியிருக்கக்கூடுமாதலால், வைத்தியரைக் கண்டு காரணத்தை நிச்சயித்துக்கொண்டு, உணவின் அளவை உயர்த்துங்கள்; அந்நிலையில் சுண்ணாம்புச் சத்து மாத்திரம் எலும்பைக் காப்பாற்றாது.