விடுபட்ட எழுத்துகள்: வைட்டமின்களின் பெயர் வரிசை

மைசூரு நகரின் அக்ரஹாரம் பகுதியில் ஒரு வீட்டின் சமையலறை. அங்கே செறிவூட்டப்பட்ட கோதுமை மாவுப் பொட்டலமும் சமையல் எண்ணெய்ப் பொட்டலமும் இருக்கின்றன. எண்ணெய்ப் பொட்டலத்தில் ‘வைட்டமின் ஏ, வைட்டமின் டி’ என்று அச்சிடப்பட்டுள்ளது. மாவுப் பொட்டலத்தில் ‘இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12’ என்று காணப்படுகிறது. இவற்றை உற்று நோக்கும் மாணவருக்குச் சில ஐயங்கள் எழுவது இயல்பு. பி12 என்று ஒன்று இருந்தால் அதற்கு முன் பதினொரு பி வைட்டமின்கள் இருக்க வேண்டாவா? ஈ என்னும் எழுத்துக்குப் பின் கே வருகிறதே, இடையில் உள்ளவை எங்கே? மற்றவற்றுக்கு எழுத்து இருக்க, ஃபோலிக் அமிலத்திற்கு மட்டும் முழுப்பெயர் ஏன்?

பழைய தெருக்களில் கதவு எண்கள் சில வேளைகளில் இவ்வாறே இருக்கும். ஆறாம் எண்ணுக்கு அடுத்து ஒன்பதாம் எண் நிற்கும். இரண்டு வீடுகள் ஒன்றாக்கப்பட்டிருக்கலாம். ஒரு வீடு இடிக்கப்பட்டிருக்கலாம். விடுபட்ட எண் அத்தெருவின் வரலாற்றைக் கூறும். வைட்டமின்களின் எழுத்து வரிசையும் அத்தகையதே.

எழுத்து ஏன் தேவைப்பட்டது?

1890களில் ஜாவாத் தீவில் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர் கோழிகளிடம் ஒரு நோயைக் கண்டார். தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. தவிடு நீக்காத அரிசியை உண்டதும் அவை தேறின. மனிதருக்கு வரும் பெரிபெரி நோயை அது ஒத்திருந்தது. தவிட்டில் ஏதோ ஓர் இன்றியமையாப் பொருள் உள்ளது என்பது பின்னர்ப் புலனாயிற்று. ஆயினும் அப்பொருளைத் தனியே பிரித்தெடுத்துப் பார்த்தவர் எவரும் அன்று இலர்.

1912ஆம் ஆண்டில் காசிமிர் ஃபங்க் என்னும் அறிஞர் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமைன்’ என்று பெயரிட்டார். ‘உயிருக்கு வேண்டிய அமைன்’ என்பது அதன் பொருள். அமைன் என்பது நைட்ரஜன் கொண்ட ஒருவகை வேதிப்பொருள். இவை அனைத்தும் அமைன்களே என்று அவர் கருதினார். அக்கருத்துப் பிழையானது.

1913இல் அமெரிக்காவில் மெக்காலம் என்பவரும் மார்கரெட் டேவிஸ் என்பவரும் எலிகளுக்கு வெவ்வேறு கொழுப்புகளைக் கொடுத்துச் சோதித்தனர். பன்றிக் கொழுப்பை உண்ட எலிகளின் வளர்ச்சி நின்றது. வெண்ணெய் உண்டவை வளர்ந்தன. வெண்ணெயில் இருந்த அப்பொருள் இன்னதென்று தெரியாமையால், ‘கொழுப்பில் கரையும் ஏ’ என்று பின்னர் அதைக் குறித்தனர். தவிட்டில் இருந்த பொருள் ‘நீரில் கரையும் பி’ ஆயிற்று. பெயர் தெரியாத ஒருவரை வரிசை எண்ணால் குறிப்பதைப் போன்றதே இது. 1920இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டிரம்மண்ட் என்பவர், இவை எல்லாம் அமைன்கள் அல்ல என்பதால் சொல்லின் இறுதி எழுத்தை நீக்கி ‘வைட்டமின்’ என்று வழங்கலாம் என்றார். வைட்டமின் ஏ, பி, சி என எழுதும் முறையும் அவர் முன்மொழிந்ததே.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. எலுமிச்சை இனப் பழங்கள் ஸ்கர்வி நோயைத் தீர்க்கும் என்பதை ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் 1747ஆம் ஆண்டிலேயே சோதித்துக் கண்டிருந்தார். ஆயினும் அப்பழத்தில் உள்ள சத்து மூன்றாம் எழுத்தையே பெற்றது. தவிட்டின் சத்தும் வெண்ணெயின் சத்துக்கு முன்னரே அறியப்பட்டது. ஆயினும் அது இரண்டாம் எழுத்தைப் பெற்றது. எனவே, இவ்வரிசை பெயரிட்ட வரிசையே. எது முதலில் அறியப்பட்டது, எது மிகவும் தேவையானது என்பவற்றை அது காட்டாது.

நான்காம் எழுத்து வந்த முறை தெளிவானது. மீன் ஈரல் எண்ணெய் கண்நோயையும் தீர்த்தது. எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயையும் தீர்த்தது. மெக்காலம் அவ்வெண்ணெயைச் சூடாக்கிக் காற்றைச் செலுத்தினார். அதனால் வைட்டமின் ஏ அழிந்தது. எண்ணெய் கண்நோயைத் தீர்க்கவில்லை. ஆனால் ரிக்கெட்ஸை இன்னும் தீர்த்தது. ஆகவே அதில் வேறொரு பொருள் உண்டு என்பது உறுதியாயிற்று. 1922இல் அது ‘டி’ எனப் பெயர் பெற்றது. எலிகள் குட்டி ஈனுவதற்குத் தேவையான பொருள் அடுத்த எழுத்தாகிய ‘ஈ’யைப் பெற்றது.

இடைவெளிகள் எவ்வாறு தோன்றின?

உடலால் போதிய அளவு ஆக்க இயலாததும், மிகச் சிறிய அளவில் உணவின்வழி வேண்டப்படுவதும், கிடைக்காவிடில் நோய் தருவதுமான பொருளே வைட்டமின். இவ்வளவுகோலில் தேறாதவை வரிசையிலிருந்து நீங்கின. வைட்டமின் எஃப் என்று கருதப்பட்டவை சில கொழுப்பு அமிலங்கள். அவை உடலுக்குத் தேவையானவையே. ஆயினும் அவை கிராம் கணக்கில் வேண்டப்படும் கொழுப்புகள் என்பதால் வைட்டமின் பட்டியலில் இடம்பெறவில்லை. பி4, பி8 என எண் பெற்ற பொருள்களை உடலே ஆக்கிக்கொள்கிறது. ஆகவே அவையும் நீங்கின. பி10, பி11 ஆகியனவும் தனி வைட்டமின்களாக நிலைக்கவில்லை.

வேறு சில எழுத்துகள் இடம் மாறின. அமெரிக்காவில் ஜி எனப்பட்டதும் வேறிடங்களில் பி2 எனப்பட்டதும் ஒரே பொருள் என்று தெரிந்தது. தோலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தால் ஹெச் எனப்பட்டது இன்று பி7.

கே என்னும் எழுத்து வரிசையில் வந்ததன்று. டென்மார்க்கைச் சேர்ந்த டாம் என்பவர், கொழுப்பற்ற உணவை உண்ட கோழிக்குஞ்சுகளுக்குக் குருதி உறையாமல் கசிவதைக் கண்டார். உறைதலைக் குறிக்கும் சொல் டேனிய மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் கே என்னும் எழுத்தில் தொடங்கும். 1935இல் அவ்வெழுத்தே அச்சத்தின் பெயராயிற்று.

குன்னூரிலிருந்து மாவுப் பொட்டலம் வரை

ஃபோலிக் அமிலத்தின் கதை இந்தியாவில் தொடங்குகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கருவுற்ற பெண்கள் கடுமையான இரத்தசோகையால் வாடினர், பலர் இறந்தனர். அவர்களின் இரத்தச் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் இருந்தன. இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுக்குமே ஒழியப் பெருக்கா. ஆகவே குறைபாடு வேறு என்பது தெளிவாயிற்று.

நோயுற்ற பெண்களின் உணவில் ஏதோ குறைகிறது என்று வில்ஸ் ஐயுற்றார். நீலகிரியில் உள்ள குன்னூரில் அந்நாளில் உணவு ஆய்வுக்கூடம் ஒன்று இயங்கிவந்தது. அங்கும் சென்னையிலும் அவர் ஆய்வைத் தொடர்ந்தார். அப்பெண்கள் உண்ட உணவைப் போன்ற உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் இரத்தசோகை வந்தது. ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் விலை மலிவான உணவுப்பொருளைக் கொடுத்ததும் குரங்கு தேறியது. நோயுற்ற பெண்களும் தேறினர். 1931இல் இம்முடிவை அவர் வெளியிட்டார்.

மற்றொரு நுட்பமான வேறுபாட்டையும் அவர் கண்டார். வேறொரு வகை இரத்தசோகையை நன்கு தூய்மையாக்கப்பட்ட ஈரல் சாறு தீர்த்தது. அதே சாறு இப்பெண்களுக்குப் பயன் தரவில்லை. தூய்மையாக்கப்படாத ஈரல் சாறே பயன் தந்தது. அப்படியானால் தூய்மையாக்கும்போது நீங்கிவிடும் ஒரு தனிப்பொருள் உண்டு. அது ‘வில்ஸ் காரணி’ எனப்பட்டது.

பிற நாடுகளிலும் அறிஞர் சிலர் தத்தம் சோதனைகளில் ஒரு பொருளைக் கண்டு தனித்தனிப் பெயரிட்டனர். குரங்குகளின் நோயைத் தீர்த்ததால் ஒருவர் அதை வைட்டமின் எம் என்றார். ஆங்கிலத்தில் குரங்கைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து அது. கோழிக்குஞ்சுகளுக்குத் தேவைப்பட்டதால் வேறு சிலர் பி என்னும் எழுத்துடன் குஞ்சைக் குறிக்கும் சி என்னும் எழுத்தையும் சேர்த்தனர். 1941இல் டெக்சாஸ் மாநிலத்தில் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தவர்கள், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ‘ஃபோலிக் அமிலம்’ என்று பெயர் சூட்டினர்.

இவை அனைத்தும் நெருங்கிய உறவுடைய ஒரே சத்து என்பதை வேதியியல் உறுதிசெய்தது. ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்தில் செயற்கையாக ஆக்கிய குழுவை அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றில் வழிநடத்தியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1945இல் அச்செய்தி வெளியாயிற்று. பொருளின் அமைப்பே தெரிந்த பின் எழுத்துக்குத் தேவை குறைந்தது. எம் என்னும் எழுத்து வழக்கிழந்தது. பி9 என்னும் எண் பட்டியலில் மட்டும் நின்றது. மாவுப் பொட்டலத்தில் முழுப்பெயர் காணப்படுவதன் காரணம் இதுவே.

1948இல் ஈரலிலிருந்து சிவந்த படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது பி12. தூய்மையாக்கப்பட்ட ஈரல் சாற்றில் எஞ்சியிருந்து மற்ற இரத்தசோகையைத் தீர்த்த பொருள் அதுவே. ஒன்றின் பணியை மற்றொன்று முழுமையாகச் செய்யாது. ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் பி12 குறைந்தவருக்கும் இரத்தம் ஓரளவு தேறும். ஆனால் நரம்புகளில் நிகழும் கேடு தொடரும். மாவில் இரண்டும் சேர்க்கப்படுகின்றன. இரண்டுக்கும் இன்றைய பெயர்கள் வருமுன்னரே, அவை வெவ்வேறானவை என்பதற்கான சான்றை ஈரல் சாறு தந்திருந்தது.

இன்று நிலைத்துள்ள வைட்டமின்கள் பதின்மூன்று: ஏ, சி, டி, ஈ, கே ஆகிய ஐந்தும், பி தொகுதியில் 1, 2, 3, 5, 6, 7, 9, 12 ஆகிய எட்டும். வரிசையில் நிற்கும் எழுத்து ஒரு பொருள் இன்னதென்று அறியப்படாத காலத்தின் நினைவு. விடுபட்ட எழுத்து ஒரு கருத்து மீண்டும் சோதிக்கப்பட்டுத் திருத்தப்பட்டதன் அடையாளம்.

சொற்பொருள்

ஐயம் – சந்தேகம்
இன்றியமையா – மிகவும் தேவையான
புலனாதல் – தெரியவருதல்
குருதி – இரத்தம்
காரணி – ஒரு விளைவை உண்டாக்கும் பொருள்

பயிற்சி

1. மீன் ஈரல் எண்ணெயில் இரு சத்துகள் உள்ளன என்பதை மெக்காலம் எவ்வாறு அறிந்தார்?
2. எஃப், ஜி, பி4 ஆகிய மூன்றும் வரிசையிலிருந்து நீங்கிய காரணங்களைத் தனித்தனியே எழுதுக.
3. பம்பாய்ப் பெண்களின் நோய்க்கு இரும்புச்சத்துக் குறைவு காரணம் அன்று என்பதைக் காட்டிய அடையாளம் யாது?
4. வீட்டில் உள்ள ஓர் உணவுப் பொட்டலத்தில் அச்சிடப்பட்டுள்ள வைட்டமின்களின் பெயர்களைத் தமிழில் எழுதுக. அவற்றுள் எவை எழுத்தால், எவை முழுப்பெயரால் குறிக்கப்படுகின்றன எனப் பிரித்துக் காட்டுக.