சக வருடத்தோடு 78: கோட்டைக் கல் ஒன்றின் கணக்கு

திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டையைப் பற்றிப் பேசினால் எல்லோரும் வாசலில் உள்ள மீன் சின்னங்களைத்தான் சொல்வார்கள். அதே கோட்டைக்குள் கிடைத்த இன்னொரு கல் இருக்கிறது. கிரந்த எழுத்தில், சமஸ்கிருத மொழியில், பாதி உடைந்த சாசனம் அது. சோடகங்கன் என்பவன் இலங்கைக்கு வந்ததை அது சொல்கிறது. வந்த ஆண்டையும் சொல்கிறது. ஆனால் இலக்கமாக அல்ல, ஒரு சொல்லாக. 'சம்புபுஷ்ப' என்ற சக வருடம் என்பதே அதில் உள்ளது.

இதைக் கி.பி. ஆண்டாக மாற்ற இரண்டு படிகள் உண்டு. முதலில் சொல்லை இலக்கமாக்க வேண்டும். பிறகு 78 ஐக் கூட்ட வேண்டும். பலர் இரண்டாவது படியைத்தான் கணக்கு என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஆண்டு தவறுவது பெரும்பாலும் முதற்படியில்தான்.

எழுத்தை எண்ணாக்கும் இந்த முறைக்குக் கடபயாதி என்று பெயர். க, ட, ப, ய ஆகிய நான்கும் 1 ஆகும். அங்கிருந்து எழுத்து வரிசையில் எண் கூடிக்கொண்டே போகும். ய, ர, ல, வ, ஶ என்று எண்ணினால் 'ஶ' ஐந்தாவது. எனவே 'சம்பு'வின் முதல் எழுத்து 5. அடுத்து வரும் 'ம்பு'வில் இரண்டு மெய்கள் சேர்ந்துள்ளன. அப்படிச் சேர்ந்தால் கடைசி மெய்யை மட்டும் எடுக்க வேண்டும். அந்தப் 'பு' சமஸ்கிருதத்தில் பகர வரிசையின் நான்காவது எழுத்து, ஆகவே 4. 'புஷ்ப'வின் 'பு' அதே வரிசையின் முதல் எழுத்து, 1. 'ஷ்ப'வில் கடைசி மெய்யும் அதுவே, 1. கிடைப்பது 5, 4, 1, 1. இதை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும்: 1145. திருப்ப மறந்தால் 5411 வரும். அப்படி ஒரு சக வருடம் இன்னும் பிறக்கவில்லை என்பதால் அந்தப் பிழை உடனே தெரிந்துவிடும்.

தெரியாமல் நுழையும் பிழை வேறு. தமிழில் எழுதும்போது இரண்டு 'பு'வும் ஒன்றுபோல இருக்கின்றன. இரண்டையும் 1 என்று எடுத்தால் 5, 1, 1, 1, அதாவது 1115. கி.பி. 1193 ஆகிவிடும். சரியான கணக்கு 1145 + 78 = 1223. வித்தியாசம் 30 வருடம்தான், ஆனால் ஆளே மாறிவிடுவார். பொலநறுவையில் 1196 அளவில் சோடகங்கன் என்ற பெயரிலேயே ஓர் அரசன் ஒன்பது மாதம் ஆண்டான். 1193 என்று படித்தவர், கல்லில் உள்ளவனும் அவனே என்று எளிதாக முடிவுகட்டிவிடலாம். 1223 என்றாலோ பொலநறுவையில் கலிங்க மாகனின் ஆட்சி நடக்கும் காலம். கல்லில் உள்ள சோடகங்கனே குளக்கோட்டன் என்று கருதும் ஆய்வாளர்களும் இந்த 1223 இலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இனி அந்த 78. சக வருடம் முடிந்த ஆண்டுகளை எண்ணுவது வழக்கம். எனக்கு வயது 17 என்றால் 17 முடிந்து 18 நடக்கிறது அல்லவா, அதுபோல. நடக்கும் ஆண்டை எண்ணிய சாசனங்களும் உண்டு, அவற்றுக்கு 77 ஐயே கூட்ட வேண்டும். மாதத்தையும் பார்க்க வேண்டும். சக வருடம் சூரியன் மேஷ ராசியில் நுழையும்போது, அதாவது சித்திரையில் பிறக்கிறது. ஜனவரி நடுவே வந்துவிடுவதால், அதற்குப் பிறகு பங்குனி முடியும்வரை 79 ஐக் கூட்ட வேண்டும். நல்லவேளையாக நம் கல் சூரியன் மேஷத்தில் இருந்ததாகவே சொல்கிறது. ஆகவே 78 தான். மாசி மாதம் என்றிருந்தால் 1224 ஆகியிருக்கும். (அந்தக் காலத்து ஐரோப்பிய நாட்காட்டியில் சித்திரைப் பிறப்பு ஏப்ரல் 14 இல் அல்ல, மார்ச் கடைசி வாரத்திலேயே வந்தது.)

இதே வசதி ஹிஜ்ரி ஆண்டில் இல்லை. சக வருடம் சூரியனைப் பின்பற்றுவதால் இடைவெளி மாறாமல் நிற்கிறது. நமது ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுகிறது, சுமார் 11 நாள் குறுகியது. அதனால் ஏறக்குறைய 33 ஹிஜ்ரி ஆண்டுகள் 32 சூரிய ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். கொழும்பில் கிடைத்த கூபி எழுத்து மீசான் கல்லின் ஆண்டு ஹிஜ்ரி 337 என்று படிக்கப்பட்டுள்ளது. அதோடு 622 ஐக் கூட்டினால் 959 வரும், அது பிழை. 337 ஐ 33 ஆல் வகுத்தால் வரும் 10 ஐ முதலில் கழிக்க வேண்டும். 327 + 622 = 949. ஹிஜ்ரி 337 உண்மையில் 948 ஜூலையில் தொடங்கி 949 இல் முடிந்தது. அன்று தொடக்க ஆண்டோடு இருந்த இடைவெளி 611. 2025 இல் தொடங்கிய ஹிஜ்ரி 1447 க்கு அது 578 ஆகச் சுருங்கிவிட்டது.